மளிகைக் கடை லாபமும் மச்சினன் சொன்ன கூலியும்

அன்புள்ள ஐயா,

சொந்தக் கட்டடத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடன் இல்லை, எல்லாம் கைக்காசு. காலை ஆறு மணிக்குத் திறந்தால் இரவு பத்துக்குத்தான் ஷட்டர் இறங்கும். மதியம் மனைவி உட்காருவாள். போன வருடம் 7,20,000 ரூபாய் லாபம் என்று ஆடிட்டர் கணக்கு முடித்தார். அதை நம்பி பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்னொரு கடை போடலாம் என்றிருக்கிறேன். என் மச்சினனோ, “உங்க கூலியைத்தான் லாபம்னு நினைச்சிட்டிருக்கீங்க மாமா” என்கிறான். யார் சொல்வது சரி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆடிட்டர் தப்புச் செய்யவில்லை. கடையை விட்டு வெளியே போன பணத்தைத்தான் அவர் செலவாக எழுதுவார். தனி உரிமையாளர் தனக்கே சம்பளம் போட்டுச் செலவில் காட்ட வருமான வரிச் சட்டத்தில் இடமில்லை. அது கணக்கியல் லாபம். மச்சினன் சொல்வது பொருளியல் லாபம். உங்கள் உழைப்பும் இடமும் பணமும் இந்தக் கடையில் இல்லாமல் வேறு இடத்தில் இருந்திருந்தால் என்ன சம்பாதித்திருக்கும் என்பதையும் கழித்த பிறகு மிஞ்சுவது அது.

ஒரு மதிப்பு போட்டுப் பார்க்கலாம். உங்கள் ஊர் நிலவரத்துக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். இதே வேலையை இன்னொருவர் கடையில் பார்த்தால் உங்களுக்கு மாதம் 28,000 கிடைக்கும் என்றால், வருடத்துக்கு 3,36,000. மதியம் உங்கள் மனைவி பார்க்கும் வேலைக்கு ஆள் வைத்தால் மாதம் 8,000, வருடத்துக்கு 96,000. கடையைப் பூட்டி வாடகைக்கு விட்டால் மாதம் 14,000 வரும் என்றால் 1,68,000. சரக்கிலும் ரேக்கிலும் ஃபிரிட்ஜிலும் 15 லட்சம் முடங்கியிருந்தால், வங்கி வைப்பில் ஏழு சதவீதத்துக்கு 1,05,000. மொத்தம் 7,05,000. உங்கள் பொருளியல் லாபம் பதினைந்தாயிரம் ரூபாய்.

இதைப் பார்த்துக் கடையை மூட வேண்டாம். பூஜ்யமாகவே இருந்தாலும், வெளியே கிடைப்பதை இங்கேயும் எடுக்கிறீர்கள் என்றுதான் பொருள். ஆனால் வைப்பு வட்டி ஆபத்தில்லாத பணத்துக்கானது. எலி கடிக்கும், காலாவதியாகும், கடன் சொல்லிப் போனவர் திரும்பாமல் இருப்பார். அதற்காகப் பத்து சதவீதம் போட்டால் வருடம் 30,000 நஷ்டம் என்று வரும்.

இந்தக் கணக்கில் பலர் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஃபிரிட்ஜை வாங்கிய விலைக்கு எழுதக் கூடாது. இன்று விற்றால் என்ன வருமோ அதுதான் அதில் முடங்கிய பணம். அப்புறம், கட்டடத்துக்கு வாடகை போட்டுவிட்டு அதன் மதிப்புக்கு வட்டியும் போட்டால் ஒரே செலவை இரண்டு முறை கழித்ததாகிவிடும்.

விவசாயிகளுக்கு இது புதிதல்ல. வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையமே மூன்று விதமாகக் கணக்கிடுகிறது. விதை, உரம், கூலியாள் என்று கைவிட்டுப் போனது ஏ2. குடும்பத்தார் உழைப்பையும் சேர்த்தால் ஏ2+எஃப்எல். சொந்த நிலத்தின் வாடகையும் சொந்த முதலின் வட்டியும் சேர்ந்தால் சி2. அரசு ஏ2+எஃப்எல்லின் குறைந்தது ஒன்றரை மடங்கை ஆதார விலையாக வைக்கிறது; சி2-வின் ஒன்றரை மடங்கு வேண்டும் என்று விவசாயிகள் கேட்கிறார்கள். உங்களுக்கும் மச்சினனுக்கும் நடக்கும் வாதம்தான் அது.

இரண்டாவது கடைக்கு வருகிறேன். நீங்கள் ஒரே நேரத்தில் இரண்டு கல்லாவில் உட்கார முடியாது. அங்கே மேலாளருக்கும் மதிய ஆளுக்கும் இடத்துக்கும் பணமாகவே கொடுக்க வேண்டும். வியாபாரம் இதே அளவு நடந்தாலும் 7,20,000-இல் ஆறு லட்சம் அதற்கே போய் 1,20,000 மிஞ்சும். முதலுக்குப் பதினைந்து லட்சம் கடனை 12 சதவீதத்தில் வாங்கினால் வட்டி 1,80,000. வருடத்துக்கு அறுபதாயிரம் கைநஷ்டம்.

என் அப்பாவுக்கு இது நடந்தது. முதல் கடையின் பருப்பையும் மிளகாயையும் சாப்பாடு முடிந்ததும் அம்மா கால் கிலோ பொட்டலமாகக் கட்டுவார். இரவு பதினொன்று வரை விளக்கு எரியும். அந்த வேலைக்குப் பேரேட்டில் ஒரு பத்தி கிடையாது. இரண்டாவது கடையில் பொட்டலம் கட்ட இரண்டு பேருக்குச் சனிக்கிழமைதோறும் கூலி எண்ணிக் கொடுத்தபோதுதான் அது செலவு என்று அப்பாவுக்குத் தெரிந்தது. முதல் கடைக் கல்லாவிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்து, மூன்றாம் வருடம் மூடினார்.

அதனால் பஸ் ஸ்டாண்டு இடத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன், மூன்று மாதம் இப்போதைய கடையிலேயே மேலாளர் ஒருவரையும் மதியத்துக்கு ஒருவரையும் சம்பளத்துக்கு வையுங்கள். நீங்கள் இரவு கணக்குப் பார்க்க மட்டும் போங்கள். விற்பனை குறைகிறதா, சரக்கு கணக்கில் இடிக்கிறதா என்று தெரிந்துவிடும். மூன்று மாத முடிவில் மிஞ்சியதிலிருந்து வாடகையையும் வட்டியையும் கழித்து எனக்கு எழுதுங்கள்.