பிடுங்கு சீட்டு மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: "சமையல் பொருள்களைச் சேர்த்து குழம்பு, ரசம் வைக்கிற மாதிரி ஒரு சீட்டாட்டம் சொந்தமா செஞ்சிருக்கேன். மொத்தம் 60 சீட்டு. 12 பொருள், ஒவ்வொண்ணுலயும் 3. மீதி 24 விசேஷ சீட்டு, அதுல 12 'பிடுங்கு' (அடுத்தவர் கையிலேர்ந்து ஒண்ணு எடுத்துக்கலாம்). ஆளுக்கு 5 சீட்டு, ஒரு முறைக்கு ஒண்ணு எடுக்கணும், நாலு பொருள் சேர்ந்தா ஒரு பதார்த்தம். கட்டு தீர்ந்தா கழிச்ச சீட்டைக் கலைச்சு மறுபடி வைப்போம். நண்பர்கள் நாலு பேர் ஆடினோம், ஒரு மணி நேரம் ஆகியும் முடியல. பிடுங்கு அதிகமா வந்தவன்தான் ஜெயிக்கிறான். பிடுங்கை எடுத்துடலாமா?"

எடுத்தால் ஆட்டம் ஒருநாளும் முடியாது. இப்போது உங்கள் ஆட்டத்தில் சமையல் நடப்பதே பிடுங்கினால்தான். நீங்கள் சொன்னது இரண்டு குறை மாதிரி தெரிந்தாலும் இரண்டுக்கும் முக்கியக் காரணம் ஒன்றுதான், கட்டில் பொருள்களைப் பிரித்திருக்கும் விதம்.

கணக்கைப் பாருங்கள். நாலு பேர் ஆடி 60 சீட்டும் தீர்ந்தால் ஒருவர் கையில் வந்து போவது 15 சீட்டு, அதாவது கட்டில் கால் பங்கு. அப்படியென்றால் ஒரு குறிப்பிட்ட சீட்டு உங்களிடம் வராமல் போக நாலில் மூன்று வாய்ப்பு. முருங்கைக்காய் மூன்றே சீட்டு என்றால், மூன்றும் வராமல் போவதற்கு ¾ × ¾ × ¾, கிட்டத்தட்ட 42 சதவீதம். ஆக, ஒரு முருங்கைக்காயாவது கைக்கு வர 58 சதவீதம்தான் வாய்ப்பு. துல்லியமாக வேண்டுமென்றால் எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ இதைப் போடுங்கள்:

```
=1-HYPGEOMDIST(0,15,3,60)
```

15 என்பது கையில் வரும் சீட்டு, 3 என்பது அந்தப் பொருளின் எண்ணிக்கை, 60 மொத்தக் கட்டு. விடை 0.585 சொச்சம் வரும், நம் வாய்க்கணக்குக்கு ரொம்பப் பக்கம்தான்.

ஒரு பொருளுக்கே இந்தக் கதி. நாலு பொருளும் சேர வேண்டுமென்றால் 0.58-ஐ நாலு தடவை பெருக்க வேண்டும், அது 11 சதவீதம். முழுக் கட்டும் தீர்கிற வரை உட்கார்ந்து எடுத்தாலும், நினைத்த பதார்த்தத்தைச் சொந்தமாகச் சேர்க்க ஒன்பது ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் முடியும். அப்புறம் ஆட்டம் எப்படி முடியும்? பிடுங்கித்தான் முடியும். அது கூடுதலாக வந்தவர் ஜெயிக்கிறார், நீங்கள் அதன்மேல் பழி போடுகிறீர்கள்.

முதலில் பொருள் வகையைக் குறையுங்கள். புதிதாக ஆட்டம் செய்பவர்களுக்கு இதுதான் மனசு வராது, ஆசையாக வரைந்த கொத்தமல்லியைத் தூக்கிப்போட வலிக்கும். ஆனால் 28 என்கிற சீட்டாட்டம் ஆடுகிறவர்கள் 52 சீட்டையுமா கலைக்கிறார்கள்? 2 முதல் 6 வரை ஒதுக்கிவிட்டு 32-ஐத்தான் ஆட்டத்துக்கு எடுக்கிறார்கள்.

நான் செய்தால் இப்படிச் செய்வேன். மொத்தம் 54 சீட்டு. (63க்கு 88 மில்லிமீட்டர் அளவில் வெட்டினால் ஏ4 தாளில் 9 சீட்டு வரும், 54 என்றால் ஆறு தாளில் முடிந்துவிடும், ஒன்றும் வீணாகாது.) பொருள் எட்டே வகை. பருப்பு, புளி, வெங்காயம், தக்காளி நாலும் ஏழேழு. மிளகு, முருங்கைக்காய், கத்தரிக்காய், தேங்காய் நாலும் நந்நாலு. ஆக 44. மீதி 10 விசேஷம், அதில் பிடுங்கு 4.

எல்லாவற்றையும் சம எண்ணிக்கையில் வைக்காமல் ஏன் 7, 4 என்று பிரிக்கிறேன் என்றால், மதிப்பெண் வைக்க அப்போதுதான் ஒரு பிடி கிடைக்கும். ஏழு இருக்கிற பொருள் கைக்கு வர 87 சதவீதம் வாய்ப்பு, நாலு இருப்பது வர 68 சதவீதம். ரசத்துக்குப் புளி, தக்காளி, மிளகு என்று மூன்று போதும் என்று வைத்தால் பெருக்கிப் பார்க்க 51 சதவீதம் வரும், பாதிக்குப் பாதி. கத்தரிக்காய்க் குழம்புக்குப் புளி, வெங்காயம், கத்தரிக்காய், தேங்காய் என்று இரண்டு அரிய பொருள் கேட்டால் 35 சதவீதம். அதனால் ரசத்துக்கு 2 புள்ளி, குழம்புக்கு 3 புள்ளி. ஒன்றரை மடங்கு கஷ்டம், ஒன்றரை மடங்கு புள்ளி. இதையே ஐந்து புள்ளி, பத்துப் புள்ளி என்று வாய்க்கு வந்தபடி வைத்தால் ரசத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்து விதி. கழித்த சீட்டைத் திரும்பக் கலைப்பதை இன்றோடு நிறுத்துங்கள், ஆட்டம் முடியாமல் இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கட்டு தீர்ந்ததும் ஆளுக்கு ஒரு கடைசி வாய்ப்பு, பிறகு புள்ளியைக் கூட்ட வேண்டியதுதான். 20 சீட்டு கையில் போக மிச்சம் 34, ஒரு முறைக்கு அரை நிமிடம் என்றால் 17 நிமிடத்தில் கட்டு தீர்ந்துவிடும். பிடுங்குக்கும் ஒரு விலை வையுங்கள்: எடுத்தால் பதிலுக்கு உங்கள் கையிலிருந்து ஒன்று கொடுக்க வேண்டும், மேசையில் இறக்கிய பதார்த்தத்தில் கை வைக்கக் கூடாது.

இதையெல்லாம் அச்சடித்துவிடாதீர்கள். பழைய சீட்டுக்கட்டின் ஒவ்வொரு சீட்டையும் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதன் முன்னால் பென்சிலில் எழுதிய துண்டுத் தாளைச் செருகினால் போதும், ஒரு சீட்டை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. முதலில் தனியாக உட்கார்ந்து நாலு கையையும் திறந்து வைத்து நீங்களே இரண்டு ஆட்டம் ஆடுங்கள். மொக்கையாகத்தான் இருக்கும், ஆனால் பெரிய ஓட்டைகள் அப்போதே தெரிந்துவிடும், நண்பர்களின் பொறுமையை அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

நண்பர்களோடு ஆடும்போது "நல்லா இருந்துச்சா" என்று கேட்காதீர்கள், உங்கள் டீயைக் குடித்துவிட்டு யார் இல்லை என்று சொல்வார்கள்? பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு, யாராவது சீட்டை எடுத்து, ஒன்றும் செய்ய முடியாமல் அப்படியே விட்டால் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். எட்டு முறையில் மூன்று கோடு பரவாயில்லை, ஐந்து விழுந்தால் அவர் ஆடவில்லை, வெறுமனே காத்துக்கொண்டிருந்தார்.

பிடுங்கைப் பற்றியும் எழுதுங்கள், ஆனால் ஜெயித்தவரிடம் அது இருந்ததா என்று பார்ப்பதில் பயனில்லை. நாலு சீட்டு இருந்தால் தோற்றவருக்கும் 68 சதவீதம் அது வந்திருக்கும். ஜெயித்தவர் இறக்கிய பதார்த்தத்தில் பிடுங்கி வந்த பொருள் இருந்ததா என்பதைத்தான் குறிக்க வேண்டும். ஆறு ஆட்டத்தில் ஐந்தில் இருந்தால் பிடுங்கு இன்னும் பலமாகத்தான் இருக்கிறது. அப்போதும் ஒரே ஒரு மாற்றம் செய்து திரும்ப ஆடுங்கள். எண்ணிக்கையையும் விதியையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

கடைசியாக, விதிகளை ஒரு தாளில் எழுதி, இதுவரை ஆடாத நாலு பேரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். நான் செய்த ஒரு சந்தை ஆட்டத்திலும் பிடுங்கு மாதிரியே ஒரு சீட்டு இருந்தது. ஒருவர் அதைப் போட்டு "கையைக் காட்டு, பார்த்து எடுக்கிறேன்" என்றார், எதிரில் இருந்தவர் "பார்க்காமல் உருவணும்" என்றார். பத்து நிமிடம் சண்டை. பல மாதம் நான் கூடவே இருந்து சொல்லிக்கொண்டிருந்ததால் அந்த ஒரு வரி தாளிலேயே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. உங்கள் கேள்வியிலும் அது இல்லை, கவனியுங்கள்.

மூன்று பேர் ஆட வந்தால் ஒவ்வொருவர் கைக்கும் கட்டில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிடும், எல்லாம் சுலபமாகிவிடும். ஏழு இருப்பதை ஐந்தாகவும், நாலு இருப்பதை மூன்றாகவும், விசேஷத்தை ஏழாகவும் குறைத்தால் பழைய கணக்குக்கே வந்துவிடலாம். எடுக்க வேண்டிய அந்த 15 சீட்டின் முன்பக்க மூலையில் சின்னதாக ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். முதுகில் வைத்துவிடாதீர்கள், அந்தச் சீட்டுகள் யாரிடம் இருக்கின்றன என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.