இரவு ஷிஃப்டுக்கு ஒரு ஃபிட்டர்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உற்பத்திப் பொறுப்பில் இருக்கிறேன். இரவு ஷிஃப்டுக்கு ஒரு ஃபிட்டர் வேண்டும். பகலில் மட்டும்தான் ஆள் உண்டு. ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். கோவையில் இருக்கும் எங்கள் ஹெச்.ஆர். ‘காரணம் போதாது, நாலு வரியில் தெளிவாக எழுதுங்கள்’ என்று திருப்பிவிட்டார். ஏப்ரல்–ஜூனில் 14 இரவும், செப்டம்பர்–நவம்பரில் 11 இரவும் மெஷின் நின்றது. அந்த இரவுகளின் தூள் ஏலத்தில் கிலோவுக்குப் பத்து ரூபாய் வரை குறைவாகப் போனது. எப்படி எழுதுவது?

— கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஹெச்.ஆர். இதில் முடிவெடுப்பவர் அல்ல. உங்கள் வரிகளை நிதிப் பிரிவுக்கும் முதலாளிக்கும் எடுத்துப் போகிறவர். அங்கே நீங்கள் இருக்க மாட்டீர்கள். அதனால் அவரிடம் கேட்கப்படும் கேள்விக்கெல்லாம் அந்த வரிகளிலேயே பதில் இருக்க வேண்டும். ‘வேலைப்பளு அதிகம்’ என்பதை எல்லாப் பிரிவும் எழுதுகிறது, அதை வைத்து அவரால் ஒன்றும் வாதாட முடியாது.

முதலில் நஷ்டம். ஓர் இரவுக்கு 2,000 கிலோ தூள் என்று வைத்துக்கொள்வோம். 25 இரவுக்கு 50,000 கிலோ, பத்து ரூபாய் வீதம் 5 லட்சம். இதை அப்படியே எழுதாதீர்கள். மழை இரவில் இலையே ஈரமாக வரும், வாட்டம் சரியாக இருக்காது, மெஷின் நிற்காவிட்டாலும் விலை குறையும். பிரேக்டவுன் பதிவேட்டை எடுத்து, பழுது பார்த்த நேரத்தையும் ஃபிட்டருக்காகக் காத்திருந்த நேரத்தையும் தனித்தனியாகப் பிரியுங்கள். புது ஆள் வந்தாலும் பழுது பார்க்க நேரம் ஆகத்தான் செய்யும், அவர் மிச்சப்படுத்துவது காத்திருப்பை மட்டும்தான். காத்திருப்பு பாதி என்று வந்தால் 2.5 லட்சம் என்று போடுங்கள். அந்த இரவுகளின் தூளை மற்ற நாள் தூளோடு கலந்து மூட்டை கட்டியிருந்தால் பத்து ரூபாய் வித்தியாசத்தை நிரூபிக்க முடியாது. அதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அடுத்து செலவு. சம்பளம் 18,000 என்றால் பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். நிதிப் பிரிவு அப்படி நிறுத்தாது. நிறுவனத்தின் பங்காக பி.எஃப். 12 சதவீதம், ஈ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது என எல்லாம் சேர்ந்தால் மாதம் சுமார் 23,000, ஆண்டுக்கு 2.76 லட்சம். இதை நீங்களே எழுதிவிட்டால் மற்ற எண்களையும் நம்புவார்கள்.

2.5 லட்சத்துக்கு 2.76 லட்சம் என்றால் கணக்கு இன்னும் நிற்கவில்லை. ‘இலை குறையும் மாதங்களில் இவருக்கு என்ன வேலை?’ என்றும் நிச்சயம் கேட்பார்கள். இந்த இரண்டுக்கும் ஒரே பதில்தான்: சீசன் இல்லாத மாதங்களில் நடக்கும் ஓவர்ஹால். அதற்கு இப்போது வெளியாட்களுக்குக் கொடுக்கும் தொகையைக் கணக்குப் புத்தகத்தில் பாருங்கள். 90,000 என்று வைத்தால் மொத்தம் 3.4 லட்சம் ஆகிறது.

கடைசியாக, ‘இருக்கிற ஆளைக் கூப்பிட்டால் என்ன?’ என்ற கேள்வி. கோவையில் இருப்பவருக்கு நம் ஊர் இரவு தெரியாது. பஸ் கிடையாது, பனிமூட்டம், ரோட்டில் காட்டெருமை. வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் நொதிக்க விட்ட இலை அளவு தாண்டிவிடும். ஓவர்டைம் இரட்டைச் சம்பளம் என்பதைப் பெரிய வாதமாக்க வேண்டாம். உங்கள் விஷயத்தில் அது சில ஆயிரம்தான்.

எல்லாம் சேர்ந்து இப்படி வரும்:

‘இரவு ஷிஃப்டுக்கு ஒரு ஃபிட்டர், புதிய பணியிடம், நிரந்தரம். இரண்டு சீசனில் 25 இரவு மெஷின் நின்றது. ஃபிட்டருக்காகக் காத்திருந்ததால் மட்டும் ஏல விலையில் சுமார் 2.5 லட்சம் இழப்பு (பதிவேடு இணைப்பில்). பகல் ஃபிட்டரை இரவில் அழைத்தால் வந்து சேர ஒன்றரை மணி நேரம். அவரை இரவுக்கு மாற்றினால் பகல் பராமரிப்பு நிற்கும். புதியவர் சீசன் இல்லாத மாதங்களில் ஓவர்ஹால் செய்வார், வெளியாள் செலவு 90,000 மிச்சம். மொத்தப் பலன் 3.4 லட்சம், முழுச் செலவு 2.76 லட்சம். காத்திருப்பு நேரம் ஏப்ரல்–ஜூனில் பாதியாகக் குறைகிறதா என்று ஜூலையில் கணக்குக் காட்டுகிறேன்.’

எண்களை உங்கள் பதிவேட்டில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள். மனதில் ஓர் ஆள் இருந்தால் அவர் பெயரை இதில் எழுதவே வேண்டாம். ஆளுக்காக வேலையை உண்டாக்குகிறார் என்று தோன்றிவிடும். அப்புறம், இதை டிசம்பருக்குள் அனுப்புங்கள். ஒப்புதல் வாங்கி, ஆள் தேடி, அவர் பழைய இடத்தில் சொல்லிக்கொண்டு வர இரண்டு மாதமாவது ஆகும். ஓவர்ஹாலில் உங்கள் மெஷின்களைக் கழற்றிப் பார்க்காமல் நேரே ஏப்ரலில் சேர்கிறவரால் இரவில் தனியாகச் சமாளிக்க முடியாது.