ஸ்குவாட் போட்டும் பின்தொடை வலுவாகவில்லை: பயிற்சியில் எதை மாற்றுவது?

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன். 32 வயது, பெண், எடை 58 கிலோ. ஒரு வருடமாக ஜிம் போகிறேன். திங்களும் வியாழனும் காலுக்கு: ஸ்குவாட், லெக் பிரஸ், லெக் எக்ஸ்டென்ஷன். ஸ்குவாட்டில் 40 கிலோ வைத்து 8 ரெப் போட முடிகிறது. முன்தொடை நன்றாகத் தேறிவிட்டது, பின்தொடையும் பிட்டமும் அப்படியே இருக்கின்றன. தினமும் மார்க்கெட்டுக்கு இறங்கி, திரும்ப பெட்ஃபோர்டுக்கு ஏறுகிறேன். அது போதாதா? என்ன மாற்ற வேண்டும்?

பதில்:

உங்கள் பட்டியலில் ஹாம்ஸ்ட்ரிங்குக்கு, அதாவது பின்தொடைக்கு, உண்மையில் ஒரு பயிற்சிகூட இல்லை. லெக் எக்ஸ்டென்ஷன் முழுக்க முன்தொடைக்கானது. லெக் பிரஸ்ஸும் பெரும்பாலும் அதைத்தான் வேலை வாங்கும். ஸ்குவாட்டில் நன்றாக ஆழம் இறங்கினால் பிட்டத்துக்குக் கணிசமான பங்கு கிடைக்கும், ஆனால் ஹாம்ஸ்ட்ரிங்குக்குக் கிடைப்பது சொற்பம். அந்தத் தசையின் பெரும்பகுதி இடுப்பெலும்பின் அடியில் தொடங்கி முழங்காலைத் தாண்டிப் போய்ப் பிடித்திருக்கிறது. ஸ்குவாட்டில் நீங்கள் எழும்போது அது மேல்முனையில் சுருங்குகிறது, அதே நேரத்தில் முழங்கால் நிமிர்வதால் கீழ்முனையில் நீள்கிறது. மொத்தத்தில் அதன் நீளம் பெரிதாக மாறுவதே இல்லை. கனமான எடையோடு நீண்டு சுருங்காத தசை வளர்வதற்குக் காரணம் இல்லை.

மலையில் நடப்பதைப் பற்றி. ஏற்றத்தில் பிட்டமும் பின்தொடையும் சமதரையைவிடக் கூடுதலாக உழைக்கின்றன, உண்மைதான். ஆனால் ஒவ்வோர் அடியிலும் சுமை லேசானது, அடிகளோ ஆயிரக்கணக்கில். அது தாக்குப்பிடிக்கும் திறனைத் தரும், பலத்தை ஓரளவுக்கு மேல் கூட்டாது. இறக்கம் வேறு விஷயம். ஒவ்வோர் அடியிலும் உடம்பு முன்னால் சரியாமல் பிரேக் பிடிப்பது முன்தொடைதான், அதுவும் நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது. ஆக, உங்கள் முன்தொடைக்கு ஜிம்மில் ஒரு பங்கு, வீட்டுக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவில் இன்னொரு பங்கு வேலை கிடைக்கிறது. அதனால்தான் லெக் எக்ஸ்டென்ஷனையும் லெக் பிரஸ்ஸையும் இரண்டு மாதத்துக்கு நிறுத்தச் சொல்வேன். ஸ்குவாட் இருக்கட்டும், வாரம் ஒரு நாள் 3 செட். எடையைக் குறைக்காமல் செட்டை மட்டும் குறைத்தால் சேர்த்த பலம் போகாது.

அந்த இடத்தில் மூன்று பயிற்சிகள் வர வேண்டும். ஹாம்ஸ்ட்ரிங்குக்கு இரண்டு வேலைகள்: இடுப்பை நிமிர்த்துவது, முழங்காலை மடக்குவது. முதலாவதுக்கு ரொமேனியன் டெட்லிஃப்ட், இரண்டாவதுக்கு லெக் கர்ல். ஒன்றை வைத்து மற்றதை ஈடுகட்ட முடியாது. பின்தொடையின் வெளிப்பக்கத்தில் ஒரு சிறு தசைப்பகுதி முழங்காலை மட்டுமே தாண்டுகிறது, டெட்லிஃப்ட் எவ்வளவு போட்டாலும் அதற்கு வேலை வராது. மூன்றாவது, பிட்டத்துக்கு ஹிப் த்ரஸ்ட்: மேல்முதுகைப் பெஞ்சில் சாய்த்து, இடுப்பின் மேல் பாரை வைத்து, இடுப்பை மேலே தூக்குவது.

ரொமேனியன் டெட்லிஃப்டில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாரைத் தொடையோடு ஒட்டிப் பிடித்து நிமிர்ந்து நில்லுங்கள். முழங்காலை லேசாகத் தளர்த்துங்கள், அந்த மடிப்பு கடைசிவரை மாறக் கூடாது. இப்போது கீழே குனிவதாக நினைக்காமல், பின்னால் இருக்கும் சுவரைப் பிட்டத்தால் தொடப் போவதாக நினைத்து இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள். பார் தொடையை உரசிக்கொண்டே இறங்கும். இடுப்பு இனி பின்னால் போகாது என்ற இடம்தான் உங்கள் எல்லை. பலருக்கு அது முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும். பாரைத் தரைவரை கொண்டுபோக வேண்டியதே இல்லை. இறங்க 3 வினாடி எடுத்துக்கொள்ளுங்கள், எழும்போது சாதாரண வேகம் போதும்.

இரண்டு விதமாக இது கெடும். எல்லையைத் தாண்டியும் இறங்கப் பார்த்தால் கீழ்முதுகு வளையும், சுமை பின்தொடையிலிருந்து முதுகுக்குப் போய்விடும். முழங்கால் மேலும் மேலும் மடிந்துகொண்டே போனால் அது அரைகுறை ஸ்குவாட் ஆகிவிடும். போனைப் பக்கவாட்டில் வைத்து ஒரு செட்டைப் படம் எடுத்தாலே இரண்டும் தெரிந்துவிடும். துடைப்பக் கட்டை ஒன்றை முதுகோடு சேர்த்துப் பிடித்துச் செய்து பார்ப்பதும் நல்ல சோதனை: தலையின் பின்புறம், மேல்முதுகு, இடுப்புக்குக் கீழே உள்ள எலும்பு என்ற மூன்று இடத்திலும் கட்டை ஒட்டியே இருக்க வேண்டும். மறுநாள் பின்தொடையின் நடுப்பகுதி கடுத்தால் சரி. கீழ்முதுகு மட்டும் பிடித்துக்கொண்டால் ஆழத்தைக் குறையுங்கள். இன்னொன்று, சில வாரத்தில் பின்தொடை களைக்கும் முன்பே கைப்பிடி நழுவ ஆரம்பிக்கும். அப்போது தயங்காமல் ஸ்ட்ராப் கட்டிக்கொள்ளுங்கள். இங்கே நாம் வளர்ப்பது கைப்பிடியை அல்ல.

ஹிப் த்ரஸ்டில் முழங்கால் மடிந்தே இருப்பதால் ஹாம்ஸ்ட்ரிங் தளர்ந்து கிடக்கும், பிட்டம் பெரும்பங்கைச் சுமக்கும். பெஞ்சின் விளிம்பு தோள்பட்டை எலும்பின் அடிப்பகுதியில் படட்டும். உங்கள் உயரத்துக்கு ஏற்ப 35 முதல் 40 செ.மீ. உயரமுள்ள பெஞ்ச் வசதி. வழக்கமான பெஞ்ச் உயரமாகத் தோன்றினால், உட்காரும் இடத்தில் ஒரு கனமான பிளேட்டையோ பாயையோ போட்டுக்கொள்ளலாம். மேலே வந்ததும் முழங்காலிலிருந்து பாதம்வரை கால் செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். பாதம் தள்ளிப் போனால் பின்தொடை இழுத்துப் பிடிக்கும், கிட்டே வந்தால் முன்தொடை வேலையை எடுத்துக்கொள்ளும். தாடையை நெஞ்சுப் பக்கம் லேசாகத் தாழ்த்தி, விலா எலும்பு தூக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். உயரம் காட்டுவதற்காக முதுகை வளைத்து மேலே போகிறவர்கள் நிறைய. அந்தக் கடைசி இரண்டு அங்குலம் பிட்டத்துடையதே அல்ல, முதுகினுடையது. மேலே ஒரு வினாடி நிறுத்த முடியவில்லை என்றால் எடை அதிகம்.

லெக் கர்லுக்கு உங்கள் ஜிம்மில் உட்கார்ந்து செய்யும் மெஷினும் குப்புறப் படுத்துச் செய்யும் மெஷினும் இருந்தால், உட்கார்ந்து செய்வதையே எடுங்கள். இடுப்பு மடிந்திருப்பதால் தசை நீண்ட நிலையில் வேலை செய்கிறது, வளர்ச்சிக்கு அது கூடுதல் பலன் தரும். இரண்டுமே இல்லையென்றால் வீட்டு மரத்தரையிலோ மொசைக்கிலோ கம்பளிச் சாக்ஸ் போட்டு மல்லாந்து படுங்கள். இடுப்பைத் தூக்கி, குதிகாலை 4 வினாடியில் மெல்ல நழுவவிட்டுக் காலை நீட்டுங்கள், இடுப்பைக் கீழே வைத்துவிட்டுக் காலை மடக்கி மீண்டும் தொடங்குங்கள். முதலில் 6 ரெப்புக்கே பின்தொடை நடுங்கும். 3 செட்டும் 10 ரெப் வந்த பிறகு, இடுப்பைத் தரையில் வைக்காமலே குதிகாலை உள்ளே இழுக்கப் பழகலாம்.

உங்கள் வாரம் இப்படி இருக்கட்டும். திங்கள்: ரொமேனியன் டெட்லிஃப்ட் 3 செட் 8 முதல் 10 ரெப், லெக் கர்ல் 3 செட் 10 முதல் 12, பிறகு முழங்கால் உயரப் பலகையில் ஸ்டெப் அப் ஒவ்வொரு காலுக்கும் 2 செட் 10. ஸ்டெப் அப்பில் உடம்பை முன்னால் சாய்த்து ஏறுங்கள், தரையில் இருக்கும் கால் உந்தித் தள்ளக் கூடாது. வியாழன்: ஹிப் த்ரஸ்ட் 3 செட் 8 முதல் 12, ஸ்குவாட் 3 செட் 8, லெக் கர்ல் 3 செட். எதை வளர்க்க வேண்டுமோ அது முதலில், உடம்பு புதிதாக இருக்கும்போது. டெட்லிஃப்டுக்கும் ஹிப் த்ரஸ்டுக்கும் செட்டுகளுக்கு இடையே 2 அல்லது 3 நிமிடம் ஓய்வு வேண்டும். ஒவ்வொரு செட்டையும் இன்னும் 2 ரெப் வரும் என்ற நிலையில் நிறுத்துங்கள்.

எடைக் கணக்கு. டெட்லிஃப்டை 30 கிலோவில் தொடங்கலாம். ஒரு சந்தேகம் தீர்த்துக்கொள்ளுங்கள்: சின்ன ஜிம்களில் பார் 20 கிலோ இல்லாமல் 10, 15 கிலோவாக இருப்பதுண்டு, ஒரு தடவை எடை போட்டுப் பாருங்கள். முதல் வாரம் 2 செட் மட்டும், ஏனென்றால் புதிதாக நீண்டு சுமை தாங்கும் பின்தொடை இரண்டு நாள் கடுக்கும். இரண்டாவது வாரம் 3 செட் 8 ரெப், மூன்றாவது வாரம் 3 செட்டிலும் 10 ரெப். மூன்று செட்டிலும் 10 வந்த பிறகுதான் பக்கத்துக்கு 1.25 கிலோ சேர்த்து 32.5. நான்காவது, ஐந்தாவது வாரம் அதிலேயே 8லிருந்து 10க்கு. ஆறாவது வாரம் எல்லாப் பயிற்சிக்கும் செட்டைப் பாதியாக்கி இளைப்பாறுங்கள். ஏழாவது, எட்டாவது வாரம் 35 கிலோ. ஹிப் த்ரஸ்டை 40 கிலோவில் தொடங்குங்கள். மூன்று செட்டிலும் 12 ரெப் வரும்போதெல்லாம் 5 கிலோ கூட்டலாம், அது டெட்லிஃப்டைவிட வேகமாக ஏறும். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். கடுப்பை வைத்து முன்னேற்றத்தை அளக்காதீர்கள், மூன்றாவது வாரத்துக்குள் அது தானாகக் குறைந்துவிடும். எண்கள் ஏறுகின்றனவா என்பதுதான் அளவு.

குன்னூர் குளிரில் அதிகாலைப் பயிற்சி என்றால் வார்ம் அப்பைச் சுருக்காதீர்கள். 10 நிமிடம் ஏற்றத்தில் வேகமாக நடந்துவிட்டு, வெறும் பாரில் 10, பிறகு பாதி எடையில் 6 என்று படிப்படியாக வாருங்கள். டிசம்பர், ஜனவரியில் கூடுதலாக ஒரு செட் சேர்த்தாலும் தவறில்லை. லாம்ப்ஸ் ராக், டால்பின்ஸ் நோஸ் பக்கம் நீண்ட நடை போகும் எண்ணம் இருந்தால் சனி அல்லது ஞாயிறில் வையுங்கள், ஆனால் முதல் இரண்டு வாரம் நீண்ட இறக்கத்தைத் தவிருங்கள். வியாழன் ஸ்குவாட்டின் மறுநாளே இறங்கினால் களைத்த முன்தொடையால் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும், அங்கேதான் கால் இடறுகிறது.

உட்காரும்போது தரையில் படும் எலும்பின் இடத்தில், பிட்டமும் பின்தொடையும் சேரும் மடிப்பில், வலி வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். நாற்காலியில் வெகுநேரம் இருந்தாலும் பஸ்ஸில் போனாலும் அது கூடும். தசைக் கடுப்பு அல்ல, தசைநாண் எரிச்சல். அப்போது அந்த இடத்தை நீட்டி நீட்டிப் பயிற்சி கொடுப்பது வலியைக் கூட்டும். டெட்லிஃப்டின் ஆழத்தைத் தொடையின் நடுவோடு நிறுத்திக்கொண்டு, ஹிப் த்ரஸ்டை வழக்கம்போலத் தொடருங்கள். இரண்டு வாரத்தில் தணியவில்லை என்றாலோ, காலில் கீழ்வரை மரமரப்பு இறங்கினாலோ, எடையை வைத்துவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.