சமயச் சொல் பலகை விளையாட்டு: பொருள் தெரியாமலே ஜோடி சேர்கிறது

"சமயச் சொற்களைக் கற்பிக்க ஒரு பலகை விளையாட்டு செய்கிறேன். கட்டத்தில் ஆங்கிலச் சொல், அட்டையில் தமிழ்ச் சொல். நாலு பேர் குழு. பிள்ளைகள் பொருள் தெரியாமலே சரியாகச் சேர்த்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?"

அட்டையில் தமிழ்ச் சொல்லை எடுத்துவிட்டு, அதன் பொருளைத் தமிழில் ஒரு வரியாக அச்சிடுங்கள். ஜகாத், நிர்வாணா மாதிரிச் சொற்கள் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே ஒலி. பிள்ளைகள் ஒலியை வைத்தே சேர்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஜகாத்துக்கு, 'ஆண்டுதோறும் சேமிப்பில் 2.5 சதவீதத்தை ஏழைகளுக்குக் கொடுப்பது' என்று போட்டால் யோசித்தே ஆக வேண்டும். தமிழ்ச் சொல்லை விடைத்தாளில் வையுங்கள். சேர்த்தவர் அதைச் சொன்னால்தான் காய் நகரும்.

அச்சிடும் முன் சோதித்துப் பாருங்கள்: ஒவ்வொரு ஜோடியையும் சத்தமாக வாசியுங்கள். காதுக்கே விடை தெரிந்தால் அந்த அட்டையை மாற்றுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். பாப்டிஸத்துக்குக் கத்தோலிக்கர் திருமுழுக்கு என்பார்கள், புராட்டஸ்டண்டுகள் ஞானஸ்நானம் என்பார்கள். விடைத்தாளில் இரண்டும் இருக்கட்டும். இல்லாவிட்டால் சரியாகச் சொன்ன பிள்ளைக்குக் காய் நகராது.