பெரும்பான்மையா, நிபுணரா? திருகோணமலைக் கருத்தரங்கில் மிஞ்சிய கேள்விகள்

பேசி முடித்ததும் நேரம் போய்விட்டது. துண்டுக் கடதாசியில் எழுதித் தந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

சேர், தெரியாத ஆயிரம் பேர் சேர்ந்தால் தெரிந்த ஒருவராக முடியுமா? (உயர்தர மாணவி)

முடியாது. ஆனால் கொஞ்சம் தெரிந்தவர்கள் சேர்ந்தால் முடியலாம். 1785இல் கொந்தோர்சே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் போட்ட கணக்கு இது. பத்துக்கு ஆறு தடவை சரியாகச் சொல்லும் மூன்று பேரை எடுங்கள். மூவரும் சரியாக இருக்க 0.216, இருவர் மட்டும் சரியாக இருக்க 0.432. கூட்டினால், பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பு 0.648, தனி ஆளின் 0.6ஐ விடக் கூட. 101 பேர் என்றால் 97 சதவீதத்தையும் தாண்டும். ஆனால் அந்த 0.6 ஐ 0.4 ஆக்கிப் பாருங்கள். மூவரின் கணக்கு 0.352 க்கு இறங்கிவிடும், ஆள் கூடக் கூடப் பிழைதான் உறுதியாகும்.

எங்கட கரையில காத்துப் பாத்து எல்லாரும் கூடித்தான் முடிவெடுப்பம். பெரிய சம்மாட்டி வேண்டாமெண்டால் ஒருத்தரும் வள்ளம் இறக்கமாட்டம். இதுவும் பெரும்பான்மைதானே?

இல்லை அண்ணன், அது இருபது கை தூக்கிய ஒரே வாக்கு. அவரவர் சொந்தமாக யோசித்தால்தான் மேலே சொன்ன கணக்கு ஓடும். சம்மாட்டி வாய் திறக்கும் முன் மற்றவர்களைச் சொல்லவிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அதற்காக அவர் பேச்சைக் கேட்பது முட்டாள்தனம் என்று சொல்லவரவில்லை. காற்றை அவர் உங்களை விட நன்றாக அறிந்தவராகவும் இருக்கலாம்.

2021 இரசாயனப் பசளைத் தடை ஒன்றே போதும். 69 லட்சம் வாக்கு எடுத்த ஜனாதிபதி கோட்டாபய செய்த வேலை. உங்கள் கணக்கு அங்கேயே பொய்த்துவிட்டது.

பாதி சரி. ஆனால் 2019இல் மக்கள் முன் வைத்தது பத்து வருடத்தில் சேதனப் பசளைக்கு மாறும் திட்டம். ஒரே போகத்தில் இறக்குமதியை நிறுத்தலாமா என்று யாரும் வாக்குக் கேட்கவில்லை. நிபுணர்களும் ஒரே பக்கம் நிற்கவில்லை. விவசாய விஞ்ஞானிகள் வேண்டாம் என்றார்கள். சிறுநீரக நோயைக் காட்டி ஆதரித்த மருத்துவர்களும் இருந்தார்கள். நிபுணரிடம் விட்டிருக்கலாம் என்றால், எந்த நிபுணரிடம்?

கந்தளாய் வயல்காரரை எடுங்கள். யூரியா இல்லாத நெல்லில் அடி இலை முதலில் மஞ்சளாகும். அதைப் பார்க்க அவருக்குப் பட்டம் தேவையில்லை. அவரைப் போன்றவர்கள் தெருவுக்கு வந்தார்கள், நவம்பரில் தடை போனது. சனநாயகத்துக்கு நான் அதிகம் மதிப்பெண் கொடுப்பது இங்கேதான். முதல் முடிவு பிழைத்தாலும், அடிபட்டவன் குரல் மேலே போக ஒரு வழி இருந்தது. பெரும்போக விதைப்பு அதற்குள் தொடங்கிவிட்டது என்பது வேறு கதை.

நான் முப்பது வருடக் கணக்காளர். சங்கத் தேர்தலில் மூன்று வாக்கில் தோற்றேன். படித்தவனுக்கு இரண்டு வாக்குக் கொடுத்தால் என்ன?

ஆங்கிலத் தத்துவ அறிஞர் மில் 1861இலேயே அப்படிக் கேட்டார். கணக்குப் புத்தகத்தில் உங்கள் சொல்தான் சொல். ஆனால் சங்கப் பணத்தைக் கடனாகக் கொடுப்பதா, கூரை போடுவதா என்பது கணக்கியல் கேள்வி இல்லையே. தோல்விக்கு வருந்துகிறேன்.

எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்து வாக்களித்தால்?

அப்போது 101 பேர் ஐந்தாறு பேராகச் சுருங்கிவிடுவார்கள், சில நேரம் ஒருவராகவும். சம்மாட்டியையாவது கரையில் பார்த்துக் கேள்வி கேட்கலாம். அந்தச் செய்தியை எழுதியவரை எங்கே தேடுவது?