அந்த 22 மாதத்தை யாரிடம் முதலில் சொல்லப்போகிறாய்?

கேள்வி: எனக்கு 34 வயது. நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வீடு தக்கலைப் பக்கம். அப்பா இறந்து பதினொரு வருடம் ஆகிறது. மேட்ரிமோனி வழியாக வந்த ஒருவருடன் வாட்ஸ்அப்பில் பேசுகிறேன். அவருக்கு 37, கருங்கல் பக்கம். நாலாம் நாள், "இவ்வளவு நாள் ஏன் கல்யாணம் பண்ணல?" என்று கேட்டார். நாலு தடவை டைப் செய்து அழித்துவிட்டு, "சரியான வரன் அமையல" என்று அனுப்பினேன். "ஓ" என்று மட்டும் பதில் வந்தது. இரண்டு நாள் பேச்சே இல்லை. இப்போது காலையில் குட் மார்னிங் மட்டும் வருகிறது. தங்கச்சி கல்யாணத்துக்கு நான் எடுத்த வங்கிக் கடன் இன்னும் 22 மாதம் இருக்கிறது, மாதம் 9,400 ரூபாய். அது அப்பா சேர்த்து வைத்த பணம் என்றுதான் தங்கச்சி நினைத்துக்கொண்டிருக்கிறாள், அம்மா அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். அதை விடுங்கள். இந்தக் கேள்விக்கு என்ன சொன்னால் கௌரவமாக இருக்கும்?
— ஒரு வாசகி, தக்கலை

பதில்: மகளே, அதை நான் விடமாட்டேன். நீ "அதை விடுங்கள்" என்று தள்ளிவைத்த வரியில்தான் உன் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நாலு தடவை டைப் செய்து அழித்ததற்குக் காரணமும் அதுதான்.

முதலில் அந்த "ஓ"வைப் பார்ப்போம். "சரியான வரன் அமையல" என்பதைப் படிக்கிறவருக்கு அதில் ஒரு செய்தியும் கிடைப்பதில்லை. இவள் வந்தவர்களை எல்லாம் வேண்டாம் என்றாளா, வந்தவர்கள் இவளை வேண்டாம் என்றார்களா? இரண்டில் எது என்று அவரால் சொல்ல முடியாது. முப்பது தாண்டியவர்கள் பேசத் தொடங்கும்போது இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று பயங்கள் இருக்கும். முன்னால் ஒரு கல்யாணமோ காதலோ இருந்து முறிந்ததா? உடம்பில் ஏதாவது கோளாறா? வீட்டில் தீராத சுமை ஏதாவது உண்டா? நீ எழுதியது இந்த மூன்றில் ஒன்றையும் தீர்க்கவில்லை. காரணம் தெரியாத மனிதர் தனக்குத் தோன்றியதை இட்டு நிரப்பிக்கொள்வார். இரண்டு நாள் பேசாமல் இருந்தபோது அவர் அதைத்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். அதற்காக அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். திரும்ப வந்து குட் மார்னிங் போடுகிறாரே, கதவை இன்னும் சாத்தவில்லை.

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் சிறியதாக இருக்கும். என்ன நடந்தது, இப்போது எங்கே நிற்கிறேன், உங்கள் கதை என்ன என்று மூன்று விஷயம் போதும். உன் விஷயத்தில் அது இப்படி வரும்:

"அப்பா தவறினப்போ எனக்கு 23 வயசு. வீடும் தங்கச்சியும் என் பொறுப்பாச்சு. அது முடிஞ்சாச்சு, இப்போ எனக்காகப் பார்க்கிறேன். நீங்க ஏன் இவ்வளவு நாள் பண்ணல?"

முதல் இரண்டு வரியும் தாமதத்துக்கு என்ன காரணம் என்று நேராகச் சொல்லிவிடுகின்றன. யார் மீதும் குறை இல்லை, அழுகை இல்லை. தன் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெண் என்பதைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது. கடைசி வரியை விட்டுவிடாதே. அவருக்கும் 37 ஆகிறது, அந்தக் கேள்வி அவருக்கும் உரியது. பெண் மட்டும் கணக்கு ஒப்பிக்க வேண்டும் என்ற வழக்கத்தை நான் ஒருபோதும் ஒத்துக்கொண்டதில்லை. அவர் பதில் சொல்லும் விதத்திலேயே ஆளைப் பாதி தெரிந்துகொள்ளலாம். நேராகச் சொல்லிவிட்டால் நல்லது. "பொண்ணுங்க இப்பல்லாம் ரொம்ப எதிர்பார்க்கிறாங்க" என்று பழியைத் தூக்கி வெளியே போட்டால் கவனித்துக்கொள். நீ பதில் சொன்ன பிறகும் "வேற ஒண்ணும் இல்லையே?" என்று மூன்றாம் தடவை தோண்டினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடு.

சரி, இப்போது மூன்றாவது வரியை மறுபடி படி. "அது முடிஞ்சாச்சு." இதை உன்னால் அனுப்ப முடியுமா? முடியாது. ஏனென்றால் முடியவில்லை. 9,400 ரூபாய் வீதம் 22 மாதம் என்றால் 2,06,800 ரூபாய். இந்த வார்த்தை தொண்டையில் சிக்கியதால்தான் நீ நாலு தடவை அழித்தாய். வார்த்தை கிடைக்காமல் தவிக்கவில்லை மகளே, உண்மையைச் சொல்ல வழி தெரியாமல் தவித்திருக்கிறாய். சொந்தத் தங்கச்சியிடம் சொல்லாத ஒன்றைக் கருங்கல்காரரிடம் எப்படிச் சொல்வாய்? அவரிடம் சொன்னால், நாளைக்கு அவர் வீட்டார் வழியாக அது உன் தங்கச்சி காதுக்குப் போகும். நம் ஊரில் கல்யாணப் பேச்சு என்றால் டீக்கடையிலிருந்து கோயில் வாசல் வரை விசாரிப்பார்கள். தக்கலையில் பேசியது கருங்கலுக்குப் போக ஒரு சந்தை நாள் போதும்.

உன் மீது எனக்குக் கோபம் வருகிறது, சொல்லிவிடுகிறேன். தங்கச்சியைக் காப்பாற்றுகிறேன் என்று நீ நினைக்கிறாய். அவளை ஏமாற்றி வைத்திருக்கிறாய். தன் கல்யாணத்துக்கு அக்கா உழைத்த காசு போயிருக்கிறது என்று தெரிந்திருந்தால், அவள் வேறு மாதிரி வாழ்ந்திருப்பாள். நகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கலாம், கணவரிடம் பேசி மாதம் ஏதாவது அனுப்பியிருக்கலாம், குறைந்தபட்சம் பண்டிகைக்கு வரும்போது உன் கையைப் பிடித்திருக்கலாம். அந்த உரிமையை அவளிடமிருந்து நீயும் அம்மாவும் சேர்ந்து பறித்துவிட்டீர்கள். குடும்பம் என்றால் ஒருத்தி ரகசியமாகச் சுமப்பது என்று நான் நம்புவதில்லை. கடமை இருவருக்கும் தெரிந்திருந்தால்தான் இருவரும் அதைச் செய்ய முடியும். இறந்துபோன அப்பாவின் பெயரைக் காப்பாற்ற நினைக்கும் உன் அம்மாவின் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்காக உயிரோடிருக்கும் மகளைக் கடனாளியாக மறைத்து வைப்பது சரியில்லை.

இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பணத்தில் எவ்வளவு பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் போனது, எவ்வளவு பவுனாகவும் ரொக்கமாகவும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. வரதட்சணை கேட்பது மட்டும் அல்ல, கொடுப்பதும் 1961-ஆம் ஆண்டு சட்டப்படி குற்றம். உன் கல்யாணத்துக்கு அப்படி ஒரு கடனை நீ இன்னொரு முறை எடுக்கக் கூடாது. "எவ்வளவு போடுவீங்க" என்ற பேச்சு அவர் வீட்டிலிருந்து வந்தால், அந்த வீடு வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் திங்கள்சந்தைப் பக்கத்திலிருந்து ஒருவர் என்னிடம் வந்தார். அவருக்கும் இதே கேள்வி. அவர் கூச்சத்தில் முதல் நாளிலேயே அம்மாவின் நோய், விற்ற நிலம், அண்ணன் கைவிட்டது எல்லாவற்றையும் ஒரே மெசேஜில் அனுப்பிவிட்டார். அந்தப் பெண் பதில் சொல்லவே இல்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் அறிமுகமாகாத ஒருத்தியின் கையில் ஒரு வீட்டின் முழுப் பாரத்தையும் கொடுத்தால் அவள் என்ன செய்வாள்? எனவே தொகையை முதல் பதிலிலேயே எழுதாதே. அதே நேரம் ஒளித்தும் வைக்காதே. இரு வீட்டாரும் சந்திப்பதற்கு முன்னால் கடனை அவரிடம் தொகையும் மாதமும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். நம் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்து, தடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்பார்களே, அது எதற்கு? மறைத்தது பின்னால் வெளியே வரக் கூடாது என்பதற்காகத்தான். உன் சம்பளத்தில் மாதம் 9,400 பிடிக்கிறது என்பது கல்யாணம் முடிந்த முதல் மாதமே வீட்டில் தெரிந்துவிடும். அப்போது அவர் கேட்கப்போவது பணத்தைப் பற்றி மட்டுமாக இருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் வங்கிக்குப் போய், இன்றைக்கே அடைத்தால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கு. மீதமுள்ள 22 மாதத் தவணையிலும் வட்டி கலந்திருக்கிறது, அதனால் முழுதாக அடைக்கும் தொகை 2,06,800-ஐவிடக் குறைவாக வரும். உன் கடனுக்கு 12 சதவீத வட்டி என்றால் ஏறக்குறைய 1,85,000 ரூபாய். முன்கூட்டி அடைப்பதற்கு வங்கி கட்டணம் ஏதாவது பிடிக்குமா என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேள். அந்தத் தாளும் பாஸ்புக்கும் கையில் இருந்தால் பேச்சு அழுகையில் முடியாது, கணக்கில் முடியும்.

அப்புறம் தங்கச்சி வீட்டுக்குப் போ. போனில் சொல்லாதே. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகாதே, அவர் நடுவில் வந்து கதையை மாற்றிவிடுவார். தங்கச்சியின் கணவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அவளிடம் மட்டும் சொல். அவரிடம் எப்போது சொல்வது என்பதை அவளே தீர்மானிக்கட்டும், அது அவள் வீடு. "பணம் கொடு" என்று தொடங்காதே. "உன் கல்யாணத்துக்கு ஆன கடன் இது, இன்னும் 22 மாதம் இருக்கிறது, நீ தெரிந்துகொள்ள வேண்டும்" என்று சொல்லிவிட்டுத் தாளை நீட்டு. அவள் முதலில் கோபப்படுவாள், உன் மேலும் அம்மா மேலும். பொறுத்துக்கொள், அது அவளுக்கு நியாயமான கோபம். பாதியை அவள் எடுத்துக்கொண்டால் உன் பங்கு மாதம் 4,700 ஆகிவிடும். ஒன்றும் முடியாது என்றாலும் பரவாயில்லை, தெரிந்துகொண்டு முடியாது என்று சொல்லட்டும்.

அது நடந்த பிறகு மூன்றாவது வரியை மாற்றி எழுது. "தங்கச்சி கல்யாணம் முடிஞ்சாச்சு, அதுக்கு எடுத்த கடன் கொஞ்சம் பாக்கி இருக்கு, நானும் அவளும் அடைச்சிட்டிருக்கோம்." அவள் பங்கு போடவில்லை என்றால் "நான் அடைச்சிட்டிருக்கேன்." இரண்டுமே உண்மை. அழிக்காமல் அனுப்பலாம்.

அதுவரை கருங்கல்காரரை அந்தரத்தில் தொங்கவிடாதே. இன்று இரவே அனுப்பு: "நீங்க கேட்டதுக்கு அன்னைக்கு சரியா பதில் சொல்லல. ஒரு வாரம் குடுங்க, ஒழுங்கா சொல்றேன்." நல்ல மனிதர் என்றால் காத்திருப்பார். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் தங்கச்சி ஊருக்குப் பஸ் ஏறு. பாஸ்புக்கை மறந்துவிடாதே.