ஊசி மிதப்பதும் காகிதத்தில் தண்ணீர் ஏறுவதும்

கேள்வி: தண்ணீரில் ஊசி மிதக்கிறது, டிஷ்யூ பேப்பரில் தண்ணீர் தானாக மேலே ஏறுகிறது, ரெண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று பையனின் புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஒன்று தாங்குவது, இன்னொன்று ஏறுவது. எப்படி ஒரே காரணமாகும்? வீட்டில் செய்து காட்ட முடியுமா?

தாராளமாகக் காட்டலாம். நான் மன்னார்குடிப் பக்கம் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன், வருஷா வருஷம் வகுப்பில் செய்வதுதான்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர் மின்னூட்டம், ஹைட்ரஜன் பக்கங்களில் கொஞ்சம் நேர் மின்னூட்டம். அதனால் ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை இழுத்துப் பிடிக்கும். உள்ளே இருக்கும் மூலக்கூறுக்கு எல்லாத் திசையிலும் பிடிக்க ஆள் உண்டு. மேற்பரப்பில் இருப்பதற்கு மேலே காற்றுதான், அந்தப் பக்கம் பிடிமானம் இல்லை. இப்படிப் பிடிமானம் குறைந்த மூலக்கூறுகள் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பதுபோல் தண்ணீர் தன் மேற்பரப்பைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கிறது, அதுதான் பரப்பு இழுவிசை. தண்ணீருக்கு மேல் ஒரு தோல் இருக்கிறது என்று சிலர் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை, ஏனென்றால் மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறு அங்கேயே நிற்பதில்லை, உள்ளே போவதும் உள்ளிருப்பது மேலே வருவதுமாக இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. இழுப்பு மட்டும்தான் நிலையாக இருக்கிறது.

தண்ணீர் தன்னைத்தானே இழுப்பதைப் போலவே தொடுகிற பொருளையும் இழுக்கிறது. இந்த இரண்டு இழுப்பில் எது பெரிது என்பதைப் பொறுத்துதான் ஊசி மிதக்கிறதா, காகிதம் நனைகிறதா என்பதெல்லாம்.

சரி, ஊசிக்கு வருவோம். சாதாரணத் தையல் ஊசி, மெல்லியதாகப் பாருங்கள். வாய் அகன்ற பாத்திரம் ஒன்றை நன்றாக அலசி எடுங்கள். சரியாக வரவில்லை என்று பிள்ளைகள் வந்து நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் பாத்திரத்தில் மிச்சமிருக்கும் சோப்புதான், நாலைந்து முறை வெறும் தண்ணீர் ஊற்றிக் கொட்டுங்கள். போர் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர், கடலோரத்து உப்புத் தண்ணீர் எதுவானாலும் பரவாயில்லை. டிஷ்யூ பேப்பர் இரண்டு அடுக்காக இருந்தால் பிரித்து ஓர் அடுக்கை மட்டும் எடுத்து, ஊசியைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கிழித்துத் தண்ணீர் மேல் படுக்க வைத்து, அதன் மேல் ஊசியை வைத்துவிடுங்கள். காகிதம் ஊறித் தானே கீழே போகும், போகாவிட்டால் ஈர்க்குச்சியால் ஓரங்களை மெல்ல அழுத்துங்கள். ஊசி மட்டும் மேலே தங்கும். ஊசியைக் கையால் நன்றாகத் தொட்டு எடுத்திருந்தால் இன்னும் நல்லது, விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை அதில் ஒட்டியிருக்கும், எண்ணெய் ஒட்டிய இரும்பின் மேல் தண்ணீர் பரவாது.

இப்போது பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், ஊசி கிடக்கும் இடத்தில் தண்ணீர் குழிந்திருக்கும். வெயிலில் வெள்ளைத் தட்டில் செய்தால் இன்னும் தெளிவாகத் தெரியும், அடியில் விழும் நிழல் ஊசியைவிட அகலமாக, ஓரத்தில் பளிச்சென்ற கோட்டோடு இருக்கும், குழிந்த பரப்பு வெளிச்சத்தை வளைத்துவிடுவதால். வாய்க்காலில் நீர்மேல் ஓடும் பூச்சியின் கால்களுக்கடியிலும் இதே மாதிரி வட்ட நிழல்களைப் பார்க்கலாம். குழி விழுந்தால் மேற்பரப்பு கொஞ்சம் பெரிதாகிறது, தண்ணீர் அதைச் சுருக்கப் பார்க்கும்போது ஊசியின் இரண்டு பக்கத்திலும் மேல்நோக்கி இழுக்கிறது.

எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். சுத்தமான தண்ணீரின் பரப்பு இழுவிசை ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.07 கிராம் எடையைத் தாங்கும். ஊசி 3.5 சென்டிமீட்டர் நீளம் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 7 சென்டிமீட்டர், அதாவது அதிகபட்சம் அரை கிராம். 0.7 மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்த ஊசியின் எடை 0.1 கிராம்தான். இரும்பு தண்ணீரைப்போல் எட்டு மடங்கு கனமானாலும் ஊசிக்குத் தாராளமாக இடமிருக்கிறது. ஆனால் நெல் மூட்டை தைக்கும் கோணி ஊசியை வைத்துப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஒவ்வொரு சென்டிமீட்டரும் அரை கிராமுக்கு மேல் இருக்கும், தாங்குவதோ சென்டிமீட்டருக்கு 0.15 கிராம் கூட இல்லை. எவ்வளவு பொறுமையாக வைத்தாலும் மூழ்கும். தடிமன் இரு மடங்கானால் எடை நாலு மடங்காகிறது, தாங்கும் நீளம் மட்டும் மாறுவதில்லை, விஷயம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, மிதக்கும் ஊசிக்குச் சற்றுத் தள்ளி, பாத்திரம் கழுவும் லிக்விடில் தோய்த்த ஈர்க்குச்சியால் தண்ணீரைத் தொடுங்கள். ஊசி ஓடும், அப்புறம் மூழ்கும். சோப்பு இழுவிசையைக் குறைத்துவிட்டது என்று சொல்லி இத்தோடு முடித்துவிடுவார்கள். அது பாதிதான். சோப்புத் தண்ணீரின் இழுவிசை பாதிக்கும் கீழே போனாலும் நம் கணக்கில் 0.2 கிராம் தாங்க வேண்டும், ஊசியோ 0.1 கிராம். பின்னே ஏன் மூழ்குகிறது? சோப்பு மூலக்கூறின் ஒரு நுனி தண்ணீரோடு ஒட்டும், மறு நுனி எண்ணெயோடு ஒட்டும். அது ஊசியின் பசையைப் பிடித்துக்கொண்டதும் அதுவரை ஒதுங்கியிருந்த தண்ணீர் ஊசியின் மேல் ஏறி மூடிக்கொள்கிறது. மேலே தண்ணீர் மூடிவிட்டால் குழி இல்லை, பக்கவாட்டு இழுப்பும் இல்லை. அதாவது ஊசி மிதக்கத் தண்ணீருக்கு வலுவான இழுவிசை மட்டும் போதாது, அது ஊசியை நனைக்காமலும் இருக்க வேண்டும்.

காகிதத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். காகிதம் செல்லுலோஸ், அதில் தண்ணீர் மூலக்கூறு பிடித்துக்கொள்ள வசதியான ஆக்சிஜன்-ஹைட்ரஜன் முனைகள் நெடுக இருக்கின்றன. தண்ணீர் இழையின் மேல் ஒட்டிக் கொஞ்சம் முன்னே போகும், உடனே அந்த ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையில் பரப்பு குழிந்து நீளும், பரப்பைச் சுருக்க நடுவில் இருக்கும் தண்ணீரும் மேலே இழுக்கப்படும், மறுபடி ஓரம் ஒட்டும். ஒட்டுவது காகிதத்தின் இழுப்பால், கூட்டத்தை மேலே தூக்குவது தண்ணீரின் சொந்த இழுப்பால். உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்: ஊசியைத் தாங்கிய அதே பரப்பு இழுவிசை இங்கே தண்ணீரையே தூக்குகிறது, நனைகிறதா இல்லையா என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

இதைக் காட்ட டிஷ்யூவை 2 சென்டிமீட்டர் அகலத்தில் மூன்று பட்டைகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள், ஒரு சாண் நீளம் இருக்கட்டும். பென்சிலால் சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள், பேனா மை கரைந்து பரவிவிடும். ஒன்றின் நடுவில் மெழுகுவர்த்தியை இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்து ஒரு விரல் அகலத்துக்கு மெழுகுப் பட்டை உண்டாக்குங்கள். இன்னொன்றைத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றிய மூடியுள்ள பாட்டிலுக்குள் தொங்கவிட்டு மூடுங்கள். மற்ற இரண்டும் திறந்த டம்ளரில், நுனி மட்டும் தண்ணீரில் இருக்கும்படி.

முதல் இரண்டு கோட்டைத் தண்ணீர் சட்டென்று தாண்டும், அப்புறம் ஒவ்வொரு கோட்டுக்கும் முந்தியதைவிட அதிக நேரம் எடுக்கும். மேலே இழுக்கும் விசை ஏறக்குறைய அதேதான், ஆனால் இழைகளுக்கிடையே உரசிக்கொண்டு வர வேண்டிய தண்ணீரின் நீளம் கூடிக்கொண்டே போகிறது. படுக்கையில் வைத்தால் இரண்டு மடங்கு தூரத்துக்குச் சுமார் நாலு மடங்கு நேரம், நிற்க வைத்தால் புவியீர்ப்பும் சேர்ந்து இன்னும் கூடும். மெழுகுப் பட்டைக்கு வந்ததும் நின்றுவிடும். இடுக்கு அங்கேயும் இருக்கிறது, தண்ணீரும் கீழே காத்திருக்கிறது, ஒட்ட இடமில்லை, அவ்வளவுதான். மெழுகு தடவிய காகிதம் எண்ணெய் பட்ட ஊசி மாதிரி ஆகிவிட்டது.

எவ்வளவு உயரம் ஏறும் என்பது இடுக்கின் அளவைப் பொறுத்தது. 1 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சுத்தமான கண்ணாடிக் குழாயில் தண்ணீர் 3 சென்டிமீட்டர் ஏறும், 0.1 மில்லிமீட்டர் என்றால் 30 சென்டிமீட்டர். காகிதத்தில் இடுக்குகள் ஒரே அளவில் இல்லாததால் இப்படி ஒரே எண் சொல்ல முடியாது.

பாட்டிலுக்குள் இருக்கும் பட்டையைத்தான் பொறுமையாகக் கவனிக்கச் சொல்வேன். ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள், திறந்த டம்ளரில் இருப்பதைவிட மூடிய பாட்டிலில் தண்ணீர் உயரமாக ஏறியிருக்கும். திறந்ததில் ஏறுகிற தண்ணீர் வழியிலேயே காற்றில் ஆவியாகிறது, ஏறுவதும் ஆவியாவதும் சமமாகும் இடத்தில் ஈரக்கோடு நின்றுவிடும். சித்திரை வெயிலில் செய்தால் வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். டம்ளரில் கொஞ்சம் சமையல் உப்பைக் கரைத்துச் செய்தால் ஈரக்கோட்டை ஒட்டி வெள்ளையாக உப்பு படியும், தண்ணீர் போய்விடுகிறது, உப்பு போக வழியில்லை.

நம் டெல்டாப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் ஓதம் ஏறி, இடுப்பு உயரத்தில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு பொரிவதைப் பார்த்திருப்பீர்களே, அது இந்தப் பட்டைதான். மண்ணில் ஈரம் அதிகம், செங்கல்லிலும் காரையிலும் நுண்ணிய இடுக்குகள், அதன் வழியாக ஏறுகிறது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் கோடையில் வயல்மேல் வெள்ளையாக உப்புப் படிவதும் இப்படி அடியிலிருந்து வந்ததுதான், மேல்மண்ணை உழுது புரட்டிவிட்டால் இடுக்குகளின் தொடர்ச்சி அறுந்து ஏற்றம் குறையும். புது வீட்டுக்கு அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்பு அடுக்கு போடுவார்கள், தார் பூசியோ, நீர் இறங்காத கலவை கலந்த சிமென்டாலோ. நீங்கள் தேய்த்த மெழுகுப் பட்டை செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது.

அப்படி அடுக்கு இல்லாத பழைய சுவரில் ஓதம் தெரியக்கூடாது என்று எண்ணெய் பெயின்ட் அடிப்பவர்கள் உண்டு. பாட்டில் பட்டையை நினைத்துப் பாருங்கள்: ஆவியாகும் வழியை அடைத்துவிட்டால் ஈரம் இன்னும் மேலே ஏறும், பெயின்ட் முடியும் இடத்துக்கு மேலே போய்ப் பூக்கும், இல்லாவிட்டால் பெயின்டையே உரித்துக்கொண்டு வரும். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையும்தான் சரி, ஈரம் கீழேயே வெளியேறிவிடும், பொரிந்தால் அந்த இடத்தை மட்டும் சுரண்டித் திரும்பப் பூசிக்கொள்ளலாம்.